வெள்ளத்தில் போன டி.சி.: தலைமையாசிரியருக்கு என்ன எழுதுவது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஏரலுக்குள்ளும் ஸ்ரீவைகுண்டத்துக்குள்ளும் புகுந்தது. பீரோவின் அடித்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த சான்றிதழ்களும் கூழாகிப்போயின. பலர் ரேஷன் கார்டையும் ஆதாரையும் முதலில் வாங்கிவிட்டார்கள். டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழின் நினைவு, அடுத்த முறை ஒரு கல்லூரி வாசலில் நிற்கும்போதுதான் வரும்.

ஏரல் பக்கம் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2019 மார்ச்சில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்விட்டார். கல்லூரியில் சேராததால் டி.சி. வீட்டிலேயே இருந்தது, வெள்ளத்தில் போனது. இப்போது பட்டப்படிப்பில் சேர விரும்புகிறார். இவர் எழுதும் கடிதத்தில் எது இருந்தால் வேலை நடக்கும்?

தலைமையாசிரியரின் தயக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கடிதம் எளிது. டி.சி. என்பது 'இந்த மாணவர் இங்கிருந்து நீங்கிவிட்டார், வேறிடத்தில் சேரலாம்' என்ற ஒப்புதல். ஒருவர் கையில் இரண்டு டி.சி. இருந்தால் இரண்டு இடத்தில் சேர்ந்துவிடலாம். அதனால்தான் மூலச் சான்றிதழ் உண்மையிலேயே தொலைந்ததா, வேறெங்காவது ஒப்படைக்கப்பட்டதா என்று கேட்கிறார்கள். கடிதம் இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வெள்ளத்தின் வருணனை ஒரு வரி போதும். பலரும் வருணனையிலேயே பக்கத்தை நிரப்பிவிட்டு, சேர்க்கை எண்ணை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பெண்ணின் கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
பொருள்: வெள்ளத்தில் இழந்த மாற்றுச் சான்றிதழுக்கு இரண்டாம் படி வேண்டுதல்.
நான் தங்கள் பள்ளியில் 2017 முதல் 2019 வரை மேல்நிலை வகுப்புகளில் வணிகவியல் பிரிவில் படித்தேன். என் சேர்க்கை எண் ……. பிறந்த தேதி ……. பிளஸ் டூ தேர்வு எண் ……. 2023 டிசம்பர் 18 அன்று எங்கள் வீட்டில் வெள்ளம் புகுந்ததில், பள்ளியில் பெற்ற மாற்றுச் சான்றிதழ் அழிந்துவிட்டது. அதை எந்தக் கல்வி நிறுவனத்திலும் நான் ஒப்படைக்கவில்லை. பின்னால் கிடைத்தால் பள்ளியில் ஒப்படைத்துவிடுவேன். வட்டாட்சியரின் சான்றை இணைத்துள்ளேன். பட்டப்படிப்பில் சேர வேண்டியிருப்பதால் இரண்டாம் படி வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

சேர்க்கை எண் நினைவில்லையென்றால் கவலை வேண்டாம். படித்த ஆண்டு, வகுப்பு, பிரிவு, தந்தை பெயர் இவற்றைத் தெளிவாக எழுதினால், எழுத்தர் சேர்க்கை நீக்கப் பதிவேட்டில் தேடி எடுத்துவிடுவார். அந்தப் பதிவேடும், டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையும்தான் இரண்டாம் படிக்கு ஆதாரம். எனவே பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் அன்று பள்ளியில் இருந்தபடியே கடிதத்தில் இருக்க வேண்டும். ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறதே என்று மாற்றி எழுதினால், பெயர் ஒத்துவரவில்லை என்று கடிதம் திரும்பி வரும். பெயர்த் திருத்தம் தனி வழக்கு, இதோடு சேர்க்கக் கூடாது.

வட்டாட்சியர் சான்று என்றதும் பலர் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். பஸ்ஸில் தவறவிட்டதற்கு அது சரி. வெள்ளம், தீ போன்றவற்றுக்கு, இயற்கை இடர்பாடுகளால் கல்விச் சான்றிதழ்களை இழந்ததற்கென்றே வருவாய்த் துறை ஒரு தனிச் சான்று தருகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போகும். எந்தெந்தச் சான்றிதழ்கள் போயின என்று விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். டி.சி. மட்டும் எழுதிவிட்டு, பிறகு மதிப்பெண் பட்டியலுக்கென்று மறுபடி அலைவது வீண். நனைந்து ஒட்டிக்கொண்ட துண்டு ஏதாவது மிஞ்சியிருந்தால் அதைத் தூக்கியெறியாமல் பள்ளிக்கு எடுத்துப்போங்கள். எண்ணோ முத்திரையோ பாதி தெரிந்தாலும் உதவும்.

பெரிய வெள்ளங்களுக்குப் பிறகு, 2015-இல் சென்னையில் நடந்ததுபோல, அரசே சிறப்பு முகாம் நடத்திக் கட்டணமின்றிச் சான்றிதழ் நகல்கள் தருவதுண்டு. முகாம் முடிந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம், மேலே சொன்ன வழி எப்போதும் திறந்திருக்கிறது. ஆனால் நேரம் பிடிக்கும். சில தலைமையாசிரியர்கள் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கேட்ட பிறகே தருவார்கள். பள்ளி மூடப்பட்டிருந்தால் பதிவேடுகள் எங்கே போயின என்பதைக் கல்வி அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கை நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

கடிதத்தை இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் படி கையில் வந்ததும், பள்ளியைவிட்டுக் கிளம்பும் முன்பே பிறந்த தேதி, அங்க அடையாளங்கள், நீங்கிய தேதி மூன்றையும் சரிபாருங்கள். இன்னொன்று: மதிப்பெண் பட்டியலை இந்தக் கடிதம் கொண்டுவராது. அது அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து, இதே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்துப் பெற வேண்டியது. அதற்கான விண்ணப்பத்தையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள்.