அஞ்சாம் வகுப்புக்கு ஒரு வழியனுப்பு

தொடக்கப் பள்ளிகளில் ஏப்ரல் மாதம் நடக்கும் வழியனுப்பு விழாக்களில் பெரும்பாலான உரைகள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. பேசுபவரின் கண் முன்வரிசை நாற்காலிகளில்தான் இருக்கும். தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், பொன்னாடை வாங்கிக்கொடுத்த புரவலர் என்று ஒவ்வொருவரையும் விளித்து முடிப்பதற்குள், தரையில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் இருப்பவனின் சட்டைப் பித்தானைத் திருக ஆரம்பித்திருப்பான். அதற்குப் பிறகு வரும் "நீங்கள் நாளைய கலெக்டர்கள்" அவன் காதில் விழுவதே இல்லை. விழுந்தாலும் அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அவனுடைய கவலை ஜூன் மாதத்தைப் பற்றியது.

அந்த ஜூனைப் பற்றியே பேசிய ஓர் ஆசிரியையின் உரையை 2025 ஏப்ரலில் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கேட்டேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டே ஆசிரியர்கள். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் அவரே டீச்சர். ஐந்தாம் வகுப்பில் பதினோரு பேர். உரை பத்து நிமிடம்கூட நீளவில்லை. மிக்சரும் லட்டும் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட்டார். தட்டு கைக்கு வந்துவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள் என்பது அவர் அனுபவம்.

மைக்கை வாங்கிக்கொள்ளாமல், பதினோரு பேரையும் அரைவட்டமாக உட்காரவைத்து, எதிரில் தானும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். முதலில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு செய்தி சொன்னார். பாராட்டு என்று அதைச் சொல்ல முடியாது, தான் பார்த்ததைச் சொன்னார். "நீ பெருக்கல் கணக்குல மீதியைத் தப்பாப் போட்டா ரப்பர் வைக்க மாட்ட, பக்கத்துலயே திரும்ப முழுசாப் போடுவ. நான் பாத்திருக்கேன்." "நாலாப்புல இருந்து வருசம் முழுக்க மணி அடிச்சது நீதான். ஒருநாள் மட்டும் ரெண்டு நிமிசம் முன்னாடி அடிச்ச, அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு." எல்லாரும் சிரித்தார்கள். மணியடித்த பையன்தான் அதிகம் சிரித்தான்.

இது எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். சுட்டியான நான்கு பேரைப் பற்றிச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் ஏராளமாக இருக்கும். வாயே திறக்காத பிள்ளைக்கு வந்ததும் "நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை" என்று நாக்கு நழுவிவிடும். பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள், தனக்கு எத்தனை வரி, அவனுக்கு எத்தனை வரி என்று எண்ணியே பார்ப்பார்கள். அதனால் இந்த டீச்சர் பொங்கல் விடுமுறை முடிந்ததிலிருந்தே ஒரு நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, கண்ணில் பட்டதை எழுதிவந்திருக்கிறார். எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ, அந்தப் பிள்ளையை அடுத்த வாரம் கூடுதலாகக் கவனித்திருக்கிறார். தமிழ் வாசிப்பதற்கு இன்னும் திணறும் ஒரு சிறுமிக்கு அப்படிக் கிடைத்த வரி இது: "ஒண்ணாப்புப் பிள்ளைங்க செருப்பை மாத்திப் போட்டுட்டு அழுதா, யாரு செருப்பு எதுன்னு உனக்குத்தான் தெரியும். எனக்கே தெரியாது." வாசிப்பைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதை அவளுடைய அம்மாவிடம் தனியாகப் பேசிவிட்டாராம்.

ரேங்க் வரிசையிலோ வருகைப் பதிவேட்டு வரிசையிலோ போகாமல், உட்கார்ந்திருந்த வரிசையிலேயே போனார். கடைசியாக வருவது மட்டம் என்ற எண்ணம் அதில் எழ வழியில்லை.

அடுத்தது ஜூன். அவர்கள் போகப்போவது பஸ்ஸில் போகவேண்டிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. இதுவரை ஒரே டீச்சர்தான் தமிழும் கணக்கும் அறிவியலும் நடத்தினார். அங்கே மணி அடிக்க அடிக்க ஆள் மாறும். "ஒரு சார் அன்னைக்குக் கோவமா இருந்தா அன்னைக்கு முழுக்கக் கோவமாவே போகும்னு நினைக்காதீங்க. முக்கால் மணி நேரத்துல வேற சார் வந்துருவாங்க" என்றார். பெற்றோர் பக்கமிருந்தும் சிரிப்பு வந்தது. ஐந்து பாடத்துக்கும் ஐந்து நோட்டு, காலையில் பையில் எடுத்துவைப்பதற்குக் கால அட்டவணையைப் பார்க்கவேண்டும் என்பதையும் சொன்னார். ஆறாம் வகுப்பில் முதல் மாதம் திட்டு வாங்குவதில் பாதி, நோட்டை மறந்துவிட்டுப் போவதால்தான். பாடம் வராததால் அல்ல.

பிறகு வந்த வரியைத்தான் நான் நுணுக்கமானது என்பேன். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கானது. மதியச் சத்துணவு ஆறிலும் தொடர்கிறது, காலை உணவு தொடராது. விடிவதற்குள் களையெடுப்புக்கோ மில் வேனுக்கோ கிளம்பிவிடும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, ஆறாம் வகுப்பின் முதல் மாற்றம் புதிய பாடப்புத்தகத்தில் இல்லை, வெறும் வயிற்றில் இருக்கிறது. இதை யாருக்கென்று சொல்வது? அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னால் அவமானமாகிவிடும். டீச்சர் எல்லாரையும் பொதுவாகப் பார்த்து, "இங்க வந்து பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்டது போல அங்க காலையில கிடையாது, மத்தியானம் உண்டு, முட்டையும் உண்டு. அதனால ஜூன்ல இருந்து வீட்டுல ஏதாச்சும் சாப்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறணும். பழைய சோறா இருந்தாலும் சரி" என்றார். சொன்னது பிள்ளைகளிடம். பின்னால் நின்ற அம்மாக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "அப்படியா, அங்க தர மாட்டாங்களா?" என்று கேட்டதை நான் கேட்டேன்.

அவர் அழவில்லை. அழுவது தப்பில்லைதான். ஆனால் டீச்சர் மேடையில் உடைந்துபோனால் பத்து வயதுப் பிள்ளை குழம்பிவிடும், போகப்போகிற இடம் ஏதோ மோசமானது என்று நினைத்துக்கொள்ளும். "எப்ப வேணும்னாலும் வாங்க, டீச்சர் இங்கயேதான் இருப்பேன்" என்றும் அவர் சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் மாறுதல் எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? "மே மாசம் டி.சி. வாங்க வருவீங்க, அன்னைக்கு நான் இருப்பேன். உங்க பேரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு அப்பா அம்மாவோட சேர்ந்து நீங்களும் படிச்சுப் பாக்கணும்" என்றார். காப்பாற்றக்கூடிய வாக்குறுதி. கூடவே ஒரு வேலையும்.

ஐம்பது, அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஆளுக்கொரு வரி நடக்காது. பொதுவிழாவில் அதை முயன்றால், நாற்பதாவது பிள்ளைக்கு வரும்போது கூட்டமே எழுந்துவிடும். அங்கே கடைசி வாரத்தில் நாளொன்றுக்குப் பத்துப் பேர் என்று வகுப்பறைக்குள்ளேயே சொல்லிவிட்டு, விழாவில் ஜூனைப் பற்றி மட்டும் பேசலாம்.

உரை முடிந்ததும், "என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றார். முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பெரிய பசங்க அடிப்பாங்களா? பென்சில்ல எழுதக் கூடாதா? கக்கூஸ் எங்க இருக்கும்? அடித்தால் வகுப்பு சாரிடம் அன்றைக்கே சொல்லவேண்டும், நாளைக்கு என்று வைக்கக்கூடாது என்றார். பேனாவுக்கு மே மாதமே பழகிக்கொள்ளச் சொன்னார். கக்கூஸ் கேள்விக்கு யாரும் சிரிக்க விடவில்லை. அந்தப் பள்ளியில் ஆறாவது படிக்கும் அக்கா ஒருத்தியைக் கூட்டத்திலிருந்து அழைத்து, அவளையே பதில் சொல்லவைத்தார்.

கடைசியாக ஒரு சிறுமி, "நாங்க பதினோரு பேரும் ஒரே செக்சன்ல இருப்போமா டீச்சர்?" என்றாள்.

"தெரியாதுடா தங்கம். அங்க ஏ, பி, சி-ன்னு பிரிப்பாங்க. யாரு எதுல வருவீங்கன்னு எனக்குச் சொல்ல மாட்டாங்க. ஆனா பஸ் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, லட்டுத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.