கர்ப்பகாலத் தடுப்பூசி: நாள் கணக்கு ஏன்?

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பத்தைப் பதிந்தவுடன் கிராம சுகாதார செவிலியர் மேற்கையில் போடும் ஊசி டி.டி. ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் தடுப்பது. நான்கு வாரம் கழித்து இரண்டாவது. மூன்று ஆண்டுக்குள் முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டிருந்தால், ஒரு பூஸ்டர் போதும்.

ஏன் இடைவெளி? முதல் ஊசி உடலுக்கு நச்சை அறிமுகம் மட்டுமே செய்கிறது; போதிய எதிர்ப்புப் புரதம் இரண்டாவதற்குப் பிறகே, சுமார் இரண்டு வாரத்தில் உருவாகிறது. அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்ல வேண்டும். பத்தாம் வாரம் பதிந்தவருக்குப் பதினான்கிலேயே இரண்டும் முடியும். முப்பத்து நான்காம் வாரம் வருபவருக்கு இரண்டாவது ஊசி முப்பத்தெட்டில். அதற்குள் வலி வந்துவிடலாம். அப்போதும் ஊசியைத் தவிர்ப்பதில்லை, குழந்தைக்குக் கிடைக்கும் பங்குதான் குறையும். பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரெனச் சப்ப முடியாமல் விறைப்பதே பச்சிளங்குழந்தை ரணஜன்னியின் அடையாளம். இந்தியாவில் இது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியது 2015இல்.

கக்குவான் இருமலுக்கான டிடாப் அரசு அட்டவணையில் இல்லை. தனியார் மருத்துவமனையில் 27 முதல் 36 வாரத்துக்குள், ஒவ்வொரு கர்ப்பத்திலும் போடுவார்கள். தாயின் எதிர்ப்புப் புரதம் ஓராண்டுக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். நஞ்சுக்கொடி அதை அதிகம் கடத்துவதோ கடைசி மூன்று மாதங்களில். குழந்தைக்குக் கக்குவானுக்கான சொந்த ஊசி ஆறாம் வாரத்தில்தான் தொடங்குகிறது.

ஃப்ளூ ஊசிக்கு மாதக் கணக்கு இல்லை. காய்ச்சல் பரவும் பருவத்துக்கு முன் போட்டால் சரி; ஆனால் உயிரற்ற கிருமியாலான வகையாக இருக்க வேண்டும்.