பாறை எவ்வளவு என்று தெரியாத நிலத்தில் குழாய் பதிக்க எந்த ஒப்பந்தம்?

தோட்டத்து லயங்களுக்குக் குடிநீர்க் குழாய் பதிக்கவோ, செம்மண் பாதையைத் தார்ச்சாலை ஆக்கவோ குத்தகை விடும்போது பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. முழு வேலைக்கும் ஒரே தொகை பேசி முடிப்பது மொத்தத் தொகை ஒப்பந்தம். ஒரு மீட்டர் குழாய்க்கு இவ்வளவு, ஒரு கன மீட்டர் பாறை உடைக்க இவ்வளவு என்று விலையை மட்டும் பேசிக்கொண்டு, செய்த வேலையை அளந்து பணம் கொடுப்பது அலகு விலை ஒப்பந்தம்.

ஈப்போ வட்டாரத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். நிலத்தடி நீர் அதை அரித்து, கூர்முனைகளும் பள்ளங்களுமாக ஆக்கிவிட்டது. ஓரிடத்தில் இரண்டு அடியில் பாறை தட்டும். சில மீட்டர் தள்ளித் தோண்டினால் ஆழம் வரை மண்ணாகவே இருக்கும். ஈயம் எடுத்த இடங்களில் கழிவு மணலும் சேறும் மூடிக் கிடக்கின்றன. மேலே நின்று பார்த்துப் பாறையின் அளவைச் சொல்ல முடியாது.

ஒரு கணக்கு

உதாரணத்திற்கு, பெரிய சாலையிலிருந்து ஒரு தோட்டத்திற்கு 2,000 மீட்டர் குழாய் பதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 120 வெள்ளி என்றால் 240,000 வெள்ளி. பாறை 100 கன மீட்டர் இருக்கலாம் என்று மதிப்பிட்டு, அதை உடைக்கக் கன மீட்டருக்கு 150 வெள்ளி என்றால் இன்னும் 15,000. ஆக மொத்தம் 255,000 வெள்ளி.

தோண்டும்போது 500 மீட்டர் நீளத்திற்குப் பாறை வருகிறது. குழி 0.8 மீட்டர் அகலம், பாறை 1 மீட்டர் ஆழம். அது 400 கன மீட்டர். அலகு விலை ஒப்பந்தத்தில் பாறைக்கு 60,000 வெள்ளி ஆகி, மொத்தம் 300,000 ஆகும். வேலை கொடுத்தவர் கூடுதலாக 45,000 வெள்ளி தேட வேண்டும். பாறையே வராவிட்டால் 240,000 கொடுத்தால் போதும்.

மொத்தத் தொகை என்றால் இந்த ஆபத்து குத்தகையாளர் தலையில். விவரம் தெரிந்தவர் பயந்து 300,000 கேட்பார். பாறை இல்லாவிட்டாலும் அந்தப் பணம் போய்விடும். வேலை கிடைத்தால் போதும் என்பவர் 245,000 கேட்டு எடுப்பார். பாறை தட்டியதும் அவருக்குக் கட்டுப்படியாகாது. வேலை பாதியில் நிற்கும், அல்லது பாறை உள்ள இடங்களில் குழாய் மேலாகப் பதிக்கப்படும். மூடிய பிறகு அது வெளியே தெரியாது. பிறகு ஒரு கனரக லாரி ஏறிக் குழாய் உடையும்போதுதான் தெரியும்.

குறைந்த டெண்டர் என்று ஏமாற வேண்டாம்

அலகு விலையிலும் ஒரு தந்திரம் உண்டு. இன்னொரு குத்தகையாளர் குழாய்க்கு 112 வெள்ளி, பாறைக்கு 290 வெள்ளி போடுகிறார். 100 கன மீட்டர் கணக்கில் அவர் தொகை 253,000. முதலாமவரைவிட 2,000 குறைவு. ஆனால் பாறை 400 கன மீட்டர் ஆனால் அவருக்குக் கொடுக்க வேண்டியது 340,000 வெள்ளி. பாறை 114 கன மீட்டரைத் தாண்டினாலே அவர் விலை அதிகமாகிவிடுகிறது. எனவே டெண்டரின் அடித்தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. சந்தேகமான அளவை இரட்டிப்பாக்கி, நான்கு மடங்காக்கிக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூடும் முன் அளக்க வேண்டும்

அலகு விலை ஒப்பந்தம் அளவுகோலை நம்பித்தான் நிற்கிறது. எது பாறை என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். எக்ஸ்கவேட்டர் வாளியால் தோண்ட முடிவது பாறையா, உடைக்கும் கருவி தேவைப்படுவது மட்டும்தான் பாறையா என்பது தெளிவாக இருக்க வேண்டும். குழியின் அகலம் வரைபடத்தில் உள்ளபடிதான் கணக்கில் சேரும். அகலமாகத் தோண்டியதற்குப் பணம் இல்லை. இரு தரப்பும் சேர்ந்து அளந்து, படம் எடுத்து, கையெழுத்திட்ட பிறகே குழியை மூட வேண்டும். மூடிய பிறகு கொண்டுவரும் கணக்கைச் சரிபார்க்க வழியில்லை.

இப்படி அளக்க ஆள் இல்லாத இடத்தில் அலகு விலை ஆபத்தானது. தண்ணீர்த் தொட்டி, பம்பு அறை போல வரைபடத்திலேயே அளவு தெரிந்துவிடும் வேலைக்கு மொத்தத் தொகையே எளிது.

இரண்டையும் கலக்கவும் முடியும். பொதுப்பணி இலாகாவின் 203ஏ ஒப்பந்தப் பாரத்தில் அளவுப் பட்டியல் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. மொத்தத் தொகை பேசப்பட்டாலும், பட்டியலில் 'தற்காலிக அளவு' என்று குறித்த வேலைகள் மட்டும் மறுபடி அளக்கப்பட்டு, பேசிய விலையில் பணம் தரப்படும். குழாய் வேலைக்குப் பட்டியல் வந்தால், பாறை வரிக்கு எதிரே அந்தச் சொல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வழி நெடுகச் சில இடங்களில் சோதனைக் குழி தோண்டிப் பார்த்த பிறகு அந்த அளவை எழுதினால், பின்னால் வரும் வாக்குவாதம் பெரிதும் குறையும்.