‘இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும்’

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்து சேர்கிறது. சென்ற மாதக் கட்டணம் 2,310 ரூபாய் நிறுவனத்தின் கணக்கில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்குத் துண்டிப்பும், தொடர்ந்து காவல்துறை நடவடிக்கையும் உண்டு. கீழ்க்காணும் அலுவலரை உடனே அழைக்கவும் என்கிறது அது. அலுவலகங்கள் மூடிய பின், விடுமுறைக்கு முன் வருவது தற்செயல் அன்று. விசாரிக்க இடமில்லாத நேரமாகப் பார்த்தே அனுப்புகிறார்கள்.

இத்தகைய கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, கட்டண நிலுவைக்காக இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் குறைந்தது 15 முழு நாட்கள் இருக்குமாறு எழுத்துமூல அறிவிப்பு தரப்பட வேண்டும். அறிவிப்பு கிடைத்த நாளும் துண்டிக்கும் நாளும் இக்கணக்கில் சேரா. 3-ஆம் தேதி அறிவிப்புப் பெற்றவருக்கு 4 முதல் 18 வரை அவகாசம்; 19-ஆம் தேதிக்கு முன் கை வைக்க இயலாது. ஆகவே, மூன்றரை மணி நேரக் கெடு வைக்கும் கடிதம் சட்டம் கூறும் அறிவிப்பே ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அறிவிப்பு தனிக் கடிதமாகத்தான் வரும் என்று எண்ணியிருக்கக் கூடாது. சில இடங்களில் மாதப் பட்டியலிலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். முன்பண மீட்டருக்கு நடைமுறை வேறு: இருப்புத் தீர்ந்தால் மின்சாரம் நின்றுவிடலாம். மின்திருட்டுக் குற்றச்சாட்டும் தனி. அதற்கு 135-ஆம் பிரிவு, அங்கே உடனடித் துண்டிப்புக்கு இடமுண்டு. ஆனால் வெறும் நிலுவை குற்றமன்று. அதற்கு நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம், வழக்குத் தொடர்ந்து வசூலிக்கலாம்; நிலுவைக்காகக் கைது என்னும் சொல் வந்தாலே ஐயுறலாம்.

அடுத்தது, நம் மாதிரிக் கடிதத்தில் இல்லாதவை. நுகர்வோர் எண் இல்லை. பட்டியல் தேதி இல்லை. ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்பதற்கு மேல் பெயரும் இல்லை. அனுப்புநர் பெயராக மின் நிறுவனத்தின் பெயர் தெரிகிறது. அதைத் தொட்டு விரித்தால் எவரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய ஒரு முகவரி வெளிப்படுகிறது. எனினும் எண்ணும் பெயரும் சரியாக இருப்பதாலேயே கடிதம் உண்மையாகிவிடாது. அவை பழைய பட்டியலிலிருந்தும் கசிந்திருக்கலாம். ஐயத்தைத் தீர்ப்பது கடிதத்துக்கு வெளியே உள்ள சான்றுதான். பழைய காகிதப் பட்டியலில் உள்ள இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, நுகர்வோர் எண்ணை இட்டு நிலுவையைப் பாருங்கள். வங்கிச் செயலியின் பாரத் பில் கட்டணப் பகுதியிலும் நிலுவைத் தொகை தெரியும். முன்பு அவ்வழியே செலுத்தியிருந்தால் பரிவர்த்தனை எண்ணும் அங்கே இருக்கும்.

கடிதத்திலுள்ள எண்ணை அழைத்தால் என்ன நேரும்? பேசுபவர் 2,310 ரூபாயைக் கேட்பதில்லை. ‘பதிவைப் புதுப்பிக்கப் பத்து ரூபாய் போதும்’ என்பார். பத்து ரூபாய்க்கு யாரும் தயங்குவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதைச் செலுத்த ஒரு திரைப் பகிர்வுச் செயலியையோ .apk என முடியும் கோப்பையோ நிறுவச் சொல்வார். அதன்பின் நீங்கள் இடும் கடவுச்சொல்லும் வந்து சேரும் ஓடிபியும் அவர் கண்முன் விரியும்.

அப்படி நிறுவிவிட்டால் முதலில் கைப்பேசியின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து, அட்டையின் பின்புறமுள்ள வங்கி எண்ணையும் 1930 என்னும் உதவி எண்ணையும் அழையுங்கள். இதில் நேரம் பணமாகவே எண்ணப்படுகிறது. ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரையே சாரும். தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும்.

அறிவிப்பு உண்மையாகவே இருந்து, தொகை மட்டும் தவறாயிருந்தால்? ஆறு மாதங்களாகச் சராசரி 2,100 ரூபாய் கட்டியவருக்குத் திடீரென 14,600 ரூபாய் என்று பட்டியல் வருகிறது என்போம். இங்கே கடிதத்தை ஒதுக்குவதுதான் ஆபத்து. 15 நாள் ஓடிக்கொண்டிருக்கும். அதே 56-ஆம் பிரிவு ஒரு வழியைத் தருகிறது: கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான மாதக் கட்டணம் ஆகிய இரண்டில் குறைந்ததை ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிச் செலுத்தினால், பிணக்குத் தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. பலர் இதை அறியாமல் முழுத் தொகையையும் கட்டிவிட்டு அலைகிறார்கள். செலுத்தும்போது ஆட்சேபக் கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்று, மீட்டரின் அன்றைய அளவைப் படமெடுத்து அதனுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். குறைதீர் மன்றத்தில் முதலில் கேட்கப்படுவன இவையே.