எழுத்து நிற்கும் கோடு

கல்யாணப் பத்திரிகையின் மூலக் கோப்பு கையில் இல்லை. இருப்பது ஒரே படமாகிவிட்ட JPG மட்டும். தாய்மாமன்மார் பட்டியலில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஐந்தாவதாக 'முருகன்' சேர வேண்டும். அதே எழுத்துரு, அதே நிறம் போட்டும் அந்தப் பெயர் மட்டும் ஒட்டவைத்ததுபோல் தெரிகிறதென்றால், அது நிற்கும் கோடு மற்ற பெயர்களின் கோட்டோடு சேரவில்லை என்று பொருள்.

எழுத்துகள் உட்காரும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடுதான் பேஸ்லைன். தமிழில் அதைக் கண்டுபிடிக்க ட, ப, ம போன்ற தட்டையான அடியுள்ள எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ழ, ஞ, ரு போன்றவை கோட்டுக்குக் கீழே இறங்குபவை. அவற்றை நம்பக் கூடாது. மென்பொருளின் Align Bottom Edges கட்டளை தவறுவதும் இதனால்தான். அது பேஸ்லைனைப் பார்க்காது, எழுத்தின் கடைசி விளிம்பைப் பார்க்கும். 'கமலம்' பக்கத்தில் 'முருகன்' வந்தால், கீழே இறங்கும் 'ரு'வைக் கணக்கில் வைத்து முழுப் பெயரையும் மேலே தூக்கிவிடும்.

போட்டோஷாப்பில் Ctrl+R அழுத்தினால் அளவுகோல் வரும். அதிலிருந்து ஒரு கைடை இழுத்து, படத்தை நன்றாகப் பெரிதாக்கி, முதல் பெயரின் 'ப' அல்லது 'ம' அடியில் வையுங்கள். JPG-இல் விளிம்பு சாம்பலாக மங்கியிருக்கும். அந்த மங்கலின் நடுவில் வைத்தால் போதும். நான்காவது பெயருக்கும் இன்னொரு கைடு. முதல் கோடு 1040 பிக்சலிலும் நான்காவது 1265-லும் இருந்தால், இடைவெளி 225. மூன்றால் வகுத்தால் வரிக்கு 75. ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் ஒரு பிக்சல் பிழைகூட அப்படியே நின்றுவிடும். பல வரிகளை அளந்து வகுத்தால் அது பங்காகிக் கரையும். ஐந்தாவது பெயரின் கோடு 1340. அங்கே மூன்றாவது கைடு.

பட்டியல் நீளமானால் கைடுகளைவிட கிரிட் வசதி. அளவுகோலின் பூஜ்யத்தை மேல் இடது மூலையிலிருந்து இழுத்து முதல் பேஸ்லைனில் வைத்துவிட்டு, கிரிட்டுக்கு 75 பிக்சல் இடைவெளி கொடுத்தால் எல்லா வரிக்கும் கோடு தயார்.

இனி எழுத்துக் கருவியை எடுங்கள். அதன் சுட்டியின் குறுக்கே ஒரு சிறு கோடு இருக்கும், அதுதான் பேஸ்லைன். அதை 1340 கைடின் மேல் வைத்துச் சொடுக்கினால் எழுத்து சரியாக உட்காரும். பட்டியல் இடப்பக்கம் சீரானதென்றால் அங்கே செங்குத்தாக ஒரு கைடு வேண்டும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் இடப்புறம் சிறு வெற்றிடம் உண்டு. ஆகவே மையின் விளிம்பு கைடைத் தொடும்வரை அம்புக்குறியால் நகர்த்துங்கள். எழுத்தின் அளவையும் எண்ணை வைத்துத் தேடாமல், பழைய 'ம'வின் உயரத்தோடு புதியதை ஒப்பிட்டே முடிவு செய்யலாம்.

அச்சுத்தாளை ஸ்கேன் செய்த படமென்றால் சாய்வைப் பார்த்தாக வேண்டும். அரை டிகிரி சாய்ந்தால்கூட 1800 பிக்சல் அகலத்தில் கோடு சுமார் 16 பிக்சல் நகர்ந்துவிடும். கிடையான கைடு அங்கே பயன்படாது. Ruler Tool-ஐ ஒரு நீண்ட வரியின் அடியில் இழுத்தால் கோணம் மேலே தெரியும். படத்தைச் சுழற்றினால் பழைய எழுத்துகள் சற்று மங்கும், எனவே புதிய எழுத்து லேயரை அந்தக் கோணத்துக்குச் சுழற்றுவதே மேல்.