நாரைக் கழித்தால் மாவு மிஞ்சுமா?

என் மகனுக்கு ஏழு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. பெரியவர்களுக்கு வருகிற, மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஊசி போட்டுத்தான் தீரவேண்டும் என்கிற வகை. அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் தராசு ஒரு நிரந்தர உறுப்பினர். இட்லி ஒன்றில் எத்தனை கிராம் மாவுச்சத்து, ஒரு கரண்டி சாதத்தில் எத்தனை என்று எழுதி வைத்து, பத்து கிராமுக்கு ஒரு யூனிட் என்று கணக்குப் போட்டு ஊசி போடுவோம். இது என் பிள்ளைக்கு டாக்டர் அம்மா சொன்ன கணக்கு. ஒவ்வொரு குழந்தைக்கும் இது மாறும்.

எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு படிப்பை நிறுத்தியவள் நான். கூட்டல் கழித்தல்தானே, எனக்குத் தெரியாதா என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கழித்தல் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டது.

2017-ஆம் வருஷம் என் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்தான். "அக்கா, இது பையனுக்காகவே தேடி வாங்கினேன். சாக்லேட் மாதிரி இருக்கும், ஆனா சுகர் ஏறாதாம்" என்று ஒரு பெட்டி நிறைய பார்களைக் கொடுத்தான். உறையில் மொத்த மாவுச்சத்து 22 கிராம், அதில் நார்ச்சத்து 17 கிராம் என்று போட்டிருந்தது. முன்பக்கத்திலோ பெரிய எழுத்தில் 'நிகரம் 5 கிராம்' என்று ஒரே ஜாலம்! நார் ஜீரணமாகாது, ஜீரணமாகாதது ரத்தத்தில் சேராது, ஆகவே மொத்தத்திலிருந்து நாரைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் ஊசி போட்டால் போதும் என்பது இதன் தத்துவம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாக்லேட்டை ஏக்கத்தோடு பார்த்தே வளர்ந்தவன். இரண்டு பார் கேட்டான், கொடுத்தேன். இரண்டுக்கும் சேர்த்து மாவு 44, நார் 34, மீதி 10. ஒரு யூனிட் போட்டேன். சாப்பிடுமுன் சுகர் 126 இருந்தது. ஒரு மணி நேரத்தில் 198. ஒன்றரை மணி நேரத்தில் 241. அவனோ, "அம்மா, நீங்க கணக்குல தப்புப் பண்ணிட்டீங்க" என்று சிரிக்கிறான். எனக்குக் கை நடுங்கியது. உடனே இன்னொரு ஊசி போட்டுவிடலாமா என்று கைபோனது. முதலில் போட்டதே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போது மேலே மேலே போட்டால் நடுராத்திரியில் சுகர் தடாலென்று இறங்கிவிடும் என்று எப்போதோ சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்து, அவர் சொன்னபடி காத்திருந்து இறக்கினோம்.

மறுநாள் காலி உறையை எடுத்துக்கொண்டு எங்கள் டயட்டீஷியனிடம் ஓடினேன். அவர் முன்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் பொடி எழுத்தில் இருந்த சேர்மானப் பட்டியலில் விரலை வைத்தார். முதல் பெயரே 'ஐஸோமால்டோ ஒலிகோசாக்கரைடு'. வாயில் நுழையாத பெயர்! சில உறைகளில் இதையே 'டாபியோக்கா ஃபைபர்' என்று, ஏதோ மரவள்ளிக் கிழங்கின் நார் போல, அழகாக எழுதிவிடுவார்களாம்.

"இது கிழங்கு நார் இல்லைம்மா. கிழங்கு மாவையோ சோள மாவையோ நொதி வச்சு உடைச்சு, அந்தத் துண்டுகளை வேற விதமா ஒட்டிப் பண்ற பாகு" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்ததை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த மாலை. அரிசியிலும் கிழங்கிலும் இருக்கிற மாலையின் முடிச்சுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. நம் குடலில் சுரக்கும் நொதிகள் அவற்றைச் சுலபமாக அவிழ்த்துவிடும். கீரைத் தண்டிலும் தவிட்டிலும் இருக்கிற நாரின் முடிச்சு வேறு ஜாதி. அதை அவிழ்க்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் கிருமிகளுக்கு இரையாகும். அதனால் அதைக் கழிப்பதில் தப்பில்லை.

இந்தப் பாகில் இருப்பது மூன்றாவது வகை முடிச்சு. சோதனைச் சாலையில் நாரை அளக்கக் கண்ணாடிக் குழாயில் சில நொதிகளை விட்டுப் பார்ப்பார்களாம். அந்த நொதிகளுக்கு இந்த முடிச்சு சரியாக அவிழாது. எனவே 'இது நார்' என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆனால் நம் சிறுகுடலின் உட்சுவரில் இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. குழாயில் பிழைத்த 'நார்' வயிற்றில் பெரும்பகுதி கரைந்து குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறிவிடுகிறது. சண்டையே இங்கேதான். தயாரிப்பாளர் குழாய்க் கணக்கைச் சொல்கிறார், நாம் பார்ப்பதோ விரல் நுனி ரத்தம்.

2018-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உணவில் சேர்க்கும் பொருள்களில் மேலும் எட்டு வகைகளை நார் என்று ஒப்புக்கொண்டபோது, சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இன்யூலின் அதில் இருந்தது. இந்தப் பாகு இல்லை. 'நிகர மாவு' என்ற சொல்லுக்கு அங்கே சட்டப்படி அர்த்தமும் கிடையாது. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் மால்டிடால் போன்றவற்றையும் சிலர் முழுக்கக் கழித்துவிடுகிறார்கள். அதிலும் ஒரு பகுதி ரத்தத்தில் சேரத்தான் செய்கிறது.

அப்புறம் அந்தப் பெட்டியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தூக்கிப் போட மனசு வரவில்லை. நார் ஐந்து கிராமுக்கு மேல் இருந்தால் பாதியை மட்டும் கழிப்பது சில டயட்டீஷியன்களின் பழைய வழக்கம். டாக்டர் அம்மாவைக் கேட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம், வேறு எதுவும் சேர்க்காமல், ஒரே ஒரு பார் கொடுத்தோம். 17-இல் பாதி எட்டரை. 22-இல் அதைக் கழித்தால் பதின்மூன்றரை. கணக்குப்படி 1.35 வரும்; எங்கள் பேனாவில் அரை யூனிட்டாகத்தான் போட முடியும் என்பதால் ஒன்றரை யூனிட். ஆரம்பத்தில் 118, இரண்டு மணி நேரம் கழித்து 149. சுகர் இறங்கவும் இல்லை, எகிறவும் இல்லை. மொத்தம் 22-க்குமே ஊசி போட்டிருந்தாலும் பெரிதாகத் தப்பாகியிருக்காது போலிருக்கிறது. நோட்டில் அந்தப் பாருக்கு எதிரே 'நார் என்று சொல்வதை நம்பாதே' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

அமெரிக்கப் பண்டம் நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். நம் கேழ்வரகிலும் இந்தக் கழித்தல் காலை வாரும். ஆனால் தப்பு வேறு விதம். கேழ்வரகின் நார் நிஜமான நார்தான். கேள்வி, அதை ஏற்கெனவே யாராவது கழித்துவிட்டார்களா என்பது.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில், நூறு கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து 66.8, நார் 11.2 என்று இருக்கிறது. ஆவலோடு கழித்து 55.6 என்று எழுதிவிட்டேன். பிறகுதான் எனக்கே ஒரு சந்தேகம் வந்து, பக்கத்துக் கட்டங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஈரம் 10.9, புரதம் 7.2, கொழுப்பு 1.9, சாம்பல் 2.0. இவற்றோடு மாவு 66.8-ஐயும் சேர்த்தால் 88.8. நூறு ஆக இன்னும் 11.2 வேண்டும். அட, அதுதானே நார்! அப்படியென்றால் 66.8 என்பது நாரை ஏற்கெனவே தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போட்ட எண். நான் கழித்தது இரண்டாவது தடவை. ஐம்பது கிராம் மாவில் செய்யும் களிக்கு இதனால் அரை யூனிட்டுக்கு மேல் இன்சுலின் குறைந்துபோகும்.

டாக்டர் கோபாலனும் அவர் சகாக்களும் எழுதி 1971-ல் வந்த பழைய அட்டவணை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதில் கேழ்வரகுக்கு மாவு 72, நார் 3.6 என்று இருக்கும். கேழ்வரகு மாறிவிடவில்லை. அந்தக் காலத்தில் அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைத்து, கரையாமல் மிஞ்சும் சக்கையை மட்டும் நார் என்று அளந்தார்கள். கரைந்துபோன நாரெல்லாம் மாவின் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆகவே இரண்டு புத்தகங்களிலிருந்தும் ஆளுக்கொரு எண்ணை எடுத்துக் கழிக்காதீர்கள். அது ஒருத்தர் வீட்டு வரவையும் இன்னொருத்தர் வீட்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கு எழுதுவது மாதிரி.

கடைப் பாக்கெட்டிலும் இந்தக் கூட்டல் உதவும். ஒரு மாவுப் பாக்கெட்டில் புரதம் 8, கொழுப்பு 2, மாவு 72, நார் 12 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 94. உலர்ந்த மாவில் ஈரமே எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கும். பத்து என்று வைத்தால் 104. நூறு கிராமில் எப்படி 104 கிராம் இருக்கும்? ஆக அந்த 72-க்குள்ளேயே நார் ஒளிந்திருக்கிறது, கழிக்கலாம். கூட்டல் நூறை ஒட்டியோ குறைவாகவோ வந்தால் கழிக்க வேண்டாம். அமெரிக்கப் பாக்கெட்டில் நார் மொத்த மாவுக்குக் கீழே சற்று உள்தள்ளி, அதன் பிள்ளை மாதிரி அச்சாகியிருக்கும். அங்கே மாவுக்குள் நாரும் சேர்த்திதான். லண்டனிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் பிஸ்கட் பாக்கெட்டில் நாருக்குத் தனி வரி இருக்கும். அங்கே அதைக் கழித்துவிட்டுத்தான் எண்ணே போடுகிறார்கள்.

கீரை, வெண்டை, அவரை இவற்றில் மாவே கொஞ்சம். கழித்தாலும் கழிக்காவிட்டாலும் ஊசியில் தெரியாது. நான் மெனக்கெடுவதில்லை.

பையன் இப்போது ஹாஸ்டலில் இருக்கிறான். போன வாரம் போன் செய்தான். "அம்மா, இங்கே கேன்டீன்ல ஒரு ப்ரோட்டீன் பார் வந்திருக்கு. நார் 14-ன்னு போட்டிருக்கு."

"பின்னாடி பொடி எழுத்துல முதல் பேர் என்னன்னு படிடா" என்றேன்.

தட்டுத் தடுமாறிப் படித்தான். அதே பெயர்தான்.