சவாலின் முதல் நாளில் என்ன பேசுவது?

மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். வாட்ஸ்அப் குழு ஒன்று முளைக்கும். திங்கட்கிழமை காலை எல்லாரும் வரிசையாக எடை மெஷினில் ஏறுவார்கள். 12 வாரத்தில் அதிகக் கிலோ குறைப்பவருக்குப் பரிசு. பல அலுவலகங்களில் கொழுப்புக் குறைப்புச் சவால் இப்படித்தான் தொடங்குகிறது. மெஷினில் ஏறுமுன் யாராவது ஐந்து நிமிடம் பேசியாக வேண்டும். அந்தப் பொறுப்பு, தவறாமல் நடைப்பயிற்சி போகிறவர் என்று பெயர் வாங்கியவரின் தலையில் விழும்.

"உங்களால் முடியும்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. ஆனால் நான்காம் வாரம் ஒருவர் சத்தமில்லாமல் குழுவிலிருந்து விலகும்போது அந்தக் கைதட்டல் உதவாது. எடை எந்த ஒழுங்கில் இறங்கும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை இருந்திருப்பார். அந்தப் பேச்சில் இருக்க வேண்டியது இந்தக் கணக்குதான்.

78 கிலோ எடையுள்ள ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதை நிறுத்தினால் 120 கலோரி மிச்சம். மாலையில் சாப்பிடும் சமோசாவை விட்டால் ஏறக்குறைய 200. மதியம் அரைக் கப் சோறு குறைத்தால் 100. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் இன்னும் 100 சொச்சம். ஆகமொத்தம் நாளைக்கு 500 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அப்படியானால் வாரத்துக்குக் குறையும் கொழுப்பு அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. 12 வாரத்துக்கு ஐந்து கிலோ என்று காகிதம் சொல்லும். நடுவில் கல்யாண விருந்து வரும், காய்ச்சல் வரும், எடை குறையக் குறைய உடம்பு செலவழிப்பதும் குறையும். மூன்றரை, நான்கு கிலோ என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அது அவருடைய எடையில் ஐந்து சதவீதம். ரத்தச் சர்க்கரையிலும் ட்ரைகிளிசரைடிலும் மாற்றம் தெரிய அதுவே போதும்.

முதல் வாரம் மெஷின் காட்டுவது வேறு. இரண்டு கிலோகூட இறங்கியிருக்கும். குழுவில் ஒரே கொண்டாட்டம். நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் சர்க்கரையையும் குறைத்ததும் அந்த இருப்பு கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது. இறங்கிய இரண்டு கிலோவில் கொழுப்பு அரைக் கிலோகூட இராது.

மூன்றாம், நான்காம் வாரத்தில் கதை தலைகீழாகும். கொழுப்பு அதே வேகத்தில் குறைந்துகொண்டிருக்கும். ஆனால் முந்தின நாள் சாப்பிட்ட ஊறுகாயின் உப்பும், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியால் தசையில் ஏற்பட்ட லேசான வீக்கமும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ ஏறுவது சாதாரணம். மெஷின் நகராது. ஏமாந்துபோனவர் சமோசாவுக்குத் திரும்பிவிடுவார்.

இதனால்தான் மெஷினைவிட இடுப்பு அளக்கும் டேப் மேல் என்கிறேன். நம் ஊர் உடம்புக்கு அது இன்னும் பொருந்தும். புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடான பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. உடலில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்திய உடல்வாகை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. எடை 'சரியாக' இருக்கிறது என்று சவாலில் சேராமல் ஒதுங்கும் சக ஊழியர்தான் பல சமயம் முதலில் சேர வேண்டியவர்.

அளக்கும் முறை இது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும், டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. இந்தியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை.

இனிப் பேச்சு. நான் எழுதிக் கொடுப்பதென்றால் இப்படி எழுதுவேன்:

"எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு மெஷின்ல ஏறப்போறோம். அந்த நம்பரை யாரும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், போர்டுலயும் எழுதமாட்டோம். அடுத்த வாரம் ரெண்டு கிலோ குறைஞ்சிருந்தா சந்தோஷப்படுங்க, ஆனா நம்பாதீங்க, அதுல பெரும்பகுதி தண்ணி. நாலாவது வாரம் ஒண்ணுமே குறையலேன்னாலும் அதையும் நம்பாதீங்க. அன்னைக்கு டேப்பை எடுங்க, பேன்ட் எந்தக் கொக்கியில நிக்குதுன்னு பாருங்க. பட்டினி கிடக்க வேண்டாம். பட்டினி கிடந்தா கொழுப்போட தசையும் போயிடும். வடை தட்டுக்குப் பதிலா சுண்டல் சொல்லியிருக்கேன். டீ சர்க்கரை இல்லாம வரும், வேணுங்கறவங்க போட்டுக்கலாம். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் மாடிப்படி, நான் கீழே நிப்பேன். ஒருநாள் பிரியாணி சாப்பிட்டா மறுநாள் வாங்க, திங்கட்கிழமைக்காகக் காத்திருக்காதீங்க. 12 வாரம் கழிச்சு நாலு கிலோ, நாலு சென்டிமீட்டர் குறைஞ்சா நாம ஜெயிச்சோம்."

இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதில் ஊக்கம் எங்கே என்று கேட்கலாம். பேசியவர் மாடிப்படிக்குக் கீழே நிற்பேன் என்கிறாரே, அதுதான்.

அதிகக் கிலோ குறைத்தவருக்குப் பரிசு என்ற ஏற்பாட்டை மட்டும் மாற்றச் சொல்வேன். கடைசி வாரம் தண்ணீர் குடிக்காமலும் சாப்பிடாமலும் எடை காட்ட அது அழைப்பு விடுகிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஊழியர்கள் 105 பேரிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. இலக்கை எட்டியவருக்குத் தனித்தனியே மாதம் 100 டாலர் என்பது ஒரு முறை. ஐந்து பேர் குழுவுக்கு 500 டாலர், இலக்கை எட்டியவர்கள் மட்டும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. 24 வாரத்தில் குழுவினர், தனிப்பரிசுக்காரர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோவுக்கு மேல் அதிகம் குறைத்திருந்தார்கள். அடுத்தவர் விட்ட பங்கு தனக்கு வரும் என்ற ஆசையும் அதில் வேலை செய்திருக்கலாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஐந்தைந்து பேராகப் பிரித்து, கிலோவை விட்டு, சொன்ன இலக்கை எட்டினார்களா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஒரு வேண்டுகோள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உணவைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அவர்கள் மருத்துவரிடம் மருந்தளவைப் பேசிவிட்டுச் சேரட்டும். கர்ப்பிணிகளும் உணவுப் பழக்கக் கோளாறால் அவதிப்பட்டவர்களும் இந்தச் சவாலில் சேர வேண்டாம். ஏன் சேரவில்லை என்று யாரும் அவர்களைக் கேட்கவும் வேண்டாம்.